தீபாவளித் தள்ளுபடிக்குப் பிறகு ஆர்டர் கணக்கு: வளர்ந்தது எவ்வளவு, முன்கூட்டி வாங்கியது எவ்வளவு?

தள்ளுபடியில் நான்கு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிய வீட்டில், அதற்காகத் தோசைக்கு நான்கு மடங்கு எண்ணெய் ஊற்றமாட்டார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு லிட்டர் வாங்கும் குடும்பம் அது. மீதி எண்ணெய் அலமாரியில் இருக்கும். அது தீரும்வரை அந்த வீட்டிலிருந்து ஆர்டர் வராது. கடைக்காரரின் திரையில் மட்டும் ஒரு வாரம் விற்பனை ஐந்து மடங்காகத் தெரியும். அந்த ஐந்து மடங்கில் எவ்வளவு புதிய விற்பனை, எவ்வளவு அக்டோபர், நவம்பரிலிருந்து கடன் வாங்கிய விற்பனை என்று பிரிப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். மரச்செக்கு நல்லெண்ணெயைச் சொந்த இணையதளத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் அமைத்தவை. நாட்காட்டி மட்டும் 2024-ன் உண்மையான நாட்காட்டி. அந்த ஆண்டு பெரிய ஆன்லைன் சந்தைகளின் பண்டிகை விற்பனை செப்டம்பர் 27 வாக்கில் தொடங்கியது. தீபாவளி அக்டோபர் 31. நம் நிறுவனமும் அதே வாரத்தில் முதன்முறையாக 25 சதவீதத் தள்ளுபடி கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தரவைச் சுத்தம் செய்யுங்கள்

ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். தள்ளுபடி விலையும் முழு விலையும் கலந்த தொகையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. லிட்டரில் போடுங்கள். அரை லிட்டர் பாட்டில், ஐந்து லிட்டர் கேன், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ எல்லாமே லிட்டராகிவிட வேண்டும்.

தேதி என்பது வாடிக்கையாளர் ஆர்டர் போட்ட தேதி. அனுப்பிய தேதியை எடுத்தால், விற்பனை வார ஆர்டர்கள் பேக்கிங் நெரிசலில் அடுத்த இரண்டு வாரத்துக்குப் பரவிவிடும். விற்பனைக்குப் பிந்தைய பள்ளம் பாதி நிரம்பியதுபோல் தெரியும். ஆனால் எண்ணவேண்டியது கடைசியில் டெலிவரி ஆன ஆர்டர்களை மட்டும். தள்ளுபடி வார ஆர்டர்களில் ரத்தும், கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்புவதும் வழக்கத்தைவிட அதிகம் இருக்கும். அப்படித் திரும்பும் பார்சல்கள் கிடங்குக்கு வந்து பதிவாகச் சில வாரங்கள் ஆகும். விற்பனை முடிந்த மறுநாள் வரும் உற்சாக ரிப்போர்ட்டை நான் நம்பாததற்கு முதல் காரணம் இதுவே.

ஒரே முகவரிக்கு இருபது, முப்பது லிட்டர் போயிருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். மொத்த விலையைவிடத் தள்ளுபடி விலை குறைவாக இருக்கும்போது மளிகைக் கடைக்காரர்களும் வாங்கி அடுக்குவார்கள். அதில் தவறில்லை; ஆனால் அது வீட்டுத் தேவை அல்ல. எண்ணெய் ஸ்டாக் இல்லாமல் பக்கம் மூடியிருந்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் இல்லாத வாரத்தின் சரிவைப் பார்த்து ‘முன்கூட்டி வாங்கிவிட்டார்கள்’ என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இயல்பு விற்பனை: தள்ளுபடி இல்லாவிட்டால் எவ்வளவு போயிருக்கும்?

முழுக் கணக்கும் நிற்பது இந்த ஒரு வரியின் மேல்தான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் செலவிடலாம்.

போன வருடத்து அதே வாரங்களை எடுத்து, இந்த வருட வளர்ச்சியால் பெருக்க வேண்டும். ‘அதே வாரம்’ என்றால் அதே தேதி அல்ல. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் 2024 அக்டோபர் கடைசி வாரம் பிரமாதமாகவும் நவம்பர் இரண்டாம் வாரம் படுமோசமாகவும் தெரியும். இரண்டுமே பொய். தீபாவளி நாளைப் பூஜ்ஜியமாக வைத்து, அதற்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் என்று வாரங்களை எண்ணி ஒட்டுங்கள்.

வளர்ச்சி விகிதத்தை எந்த மாதங்களில் இருந்து எடுப்பது? ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. அந்த மாதத்தில் நம் ஊரில் யார் தள்ளுபடி கொடுக்காமல் இருக்கிறார்கள்? செப்டம்பரில் ஆட்கள் பண்டிகை விற்பனைக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே மே, ஜூன். நம் நிறுவனம் அந்த இரு மாதங்களில் போன வருடத்தைவிட 10 சதவீதம் அதிகம் விற்றது. போன வருடத்து வாரங்களை 1.10-ஆல் பெருக்கினால் சாதாரண வாரத்துக்கு 1,000 லிட்டர் வருகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் 1,200, தீபாவளி வாரம் 1,400. எண்ணெய்க் குளியலுக்கும் பலகாரத்துக்கும் மக்கள் வாங்குவது தள்ளுபடி இல்லாமலே வருகிற தேவை. அது இயல்பு விற்பனைக்குள்தான் இருக்க வேண்டும்.

போன வருடமும் நீங்கள் தள்ளுபடி கொடுத்திருந்தால் இந்த வழி நேராக ஓடாது, ஏனென்றால் அந்த வாரங்களிலும் ஒரு குன்றும் ஒரு பள்ளமும் இருக்கும். அப்போது காத்திருப்பு வாரங்களில் தொடங்கி பள்ளம் மூடும்வரையான முழுக் காலத்தையும் சேர்த்து, இந்த வருட மொத்தத்தைப் போன வருட மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். தள்ளுபடியின் ஆழமும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அந்த வித்தியாசம் தேவையின் வளர்ச்சி. தள்ளுபடி எவ்வளவு சேர்த்தது என்ற கேள்விக்கு இது பதில் சொல்லாது. வளர்ந்தோமா என்ற கேள்விக்குச் சொல்லும்.

வெளியிலிருந்து வந்த அதிர்ச்சிகளையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 14 முதல் இறக்குமதிச் சமையல் எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 20 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறும்போது நல்லெண்ணெய்க்குச் சிலர் மாறலாம். ‘இன்னும் ஏறிவிடும்’ என்று சிலர் சேர்த்தும் வைக்கலாம். 2025-ல் கதை வேறு. செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசைக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகவும், ஏசிக்கு 28-லிருந்து 18 சதவீதமாகவும் இறங்கியது. ஆகஸ்ட் 15 அன்றே வரிக்குறைப்பு வருகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதால், அந்தப் பொருட்களுக்குச் செப்டம்பரில் வந்த சரிவு வரிக்காகக் காத்திருந்ததா, தள்ளுபடிக்காகக் காத்திருந்ததா என்று பிரிக்கவே முடியாது. அப்படிப்பட்ட பொருளுக்கு அந்த வாரங்களை இயல்பு வாரமாக எடுக்கக் கூடாது.

குன்றையும் பள்ளத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்

வாரத்துக்கு ஒரு வரி: உண்மையில் விற்றது, இயல்பு விற்பனை, வித்தியாசம். எல்லாம் லிட்டரில்.

| வாரம் | விற்றது | இயல்பு | வித்தியாசம் |
|---|---|---|---|
| −2 | 900 | 1,000 | −100 |
| −1 | 700 | 1,000 | −300 |
| தள்ளுபடி வாரம் | 5,000 | 1,000 | +4,000 |
| 1 | 500 | 1,000 | −500 |
| 2 | 550 | 1,000 | −450 |
| 3 | 800 | 1,200 | −400 |
| 4 (தீபாவளி) | 1,050 | 1,400 | −350 |
| 5 | 700 | 1,000 | −300 |
| 6 | 750 | 1,000 | −250 |
| 7 | 800 | 1,000 | −200 |
| 8 | 880 | 1,000 | −120 |
| 9 | 950 | 1,000 | −50 |
| 10 | 1,040 | 1,000 | +40 |
| 11 | 1,060 | 1,000 | +60 |
| 12 | 1,060 | 1,000 | +60 |

விரிதாளில் B நெடுவரிசை விற்றது, C இயல்பு, D வித்தியாசம் என்றால், E-யில் இதைப் போட்டு கீழே இழுங்கள்:

```
=SUM(B$2:B2)-SUM(C$2:C2)
```

இது ஓடும் கூட்டல். தள்ளுபடி வாரத்தில் 3,600 வரை ஏறும். பிறகு வாரா வாரம் இறங்கும். ஒன்பதாம் வாரத்தில் 980 வரை இறங்கும். பத்தாம் வாரத்திலிருந்து வரும் சிறு ஏற்றத்தைப் பிறகு தனியே பார்ப்போம். அதாவது 4,000 லிட்டர் குன்றில் 3,020 லிட்டர், முன்னும் பின்னும் இருந்த வாரங்களிலிருந்து வந்தது. உண்மையான கூடுதல் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு.

பட்டியலில் நான்காம் வாரத்தைத் திரும்பப் பாருங்கள். 1,050 லிட்டர். இயல்பு விற்பனை என்ற கட்டம் இல்லாமல் பார்ப்பவர், ‘வாரத்துக்கு ஆயிரம் விற்போம், ஆயிரத்துக்கு வந்துவிட்டோம், பள்ளம் மூன்றே வாரத்தில் மூடிவிட்டது’ என்று சொல்லிவிடுவார். உண்மையில் அது தீபாவளி வாரம். 1,400 போயிருக்க வேண்டும். பள்ளம் பண்டிகைக்குள் ஒளிந்திருக்கிறது. அவர் அங்கேயே கணக்கை மூடினால் உண்மையான கூடுதல் 1,900 லிட்டர் என்று வரும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எங்கே நிறுத்துவது என்பதற்கு என் விதி: தள்ளுபடியில் சராசரியாக ஒருவர் வாங்கிய அளவு வீட்டில் எத்தனை நாள் வருமோ, அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு நாட்கள் காத்திருக்க வேண்டும். இங்கே நான்கு லிட்டர், 56 நாள். ஆகவே 84 நாள், பன்னிரண்டு வாரம். அதற்குள் பொங்கல் தள்ளுபடி குறுக்கிட்டால் அதற்கு முன் வாரத்தோடு நிறுத்துங்கள்.

பழைய வாடிக்கையாளர்: எண்ணெய் எத்தனை நாளில் தீர்ந்தது?

மேலே உள்ள கணக்கு ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘ஏன்’ என்று சொல்லாது. அதற்கு ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும். தள்ளுபடி வாரத்தில் ஏற்கெனவே நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்த 950 பேர் தலைக்கு நான்கு லிட்டராக 3,800 லிட்டர் வாங்கினார்கள். முந்தைய ஆறு மாதத்தில் இவர்கள் 14 நாளைக்கு ஒரு லிட்டர் வாங்கியவர்கள். பழைய வேகத்திலேயே பயன்படுத்தினால் நான்கு லிட்டர் 56 நாள் வரும். அவர்கள் 56 நாள் கழித்து வந்தால் முழுவதும் முன்கூட்டி வாங்கியது. 14 நாளில் வந்தால் முழுவதும் கூடுதல் பயன்பாடு. உண்மை நடுவில் எங்கோ இருக்கும். ஆர்டர் பட்டியலை o என்று வைத்துக்கொண்டால் பைத்தானில் மூன்று வரி போதும் (ஒரே நாளில் ஒருவர் போட்ட ஆர்டர்களை முதலில் ஒன்றாக்கிவிடுங்கள்):

```python
s = o[o.status == "delivered"].sort_values(["cust", "date"])
s["gap"] = s.groupby("cust")["date"].shift(-1) - s["date"]
s["ml_per_day"] = s["ml"] / s["gap"].dt.days
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்னும் திரும்பி வராதவர்களுக்கு `gap` காலியாக இருக்கும். சராசரி எடுக்கும்போது அவர்கள் சத்தமில்லாமல் விடுபட்டுவிடுவார்கள். மிஞ்சுவது சீக்கிரம் வந்தவர்கள் மட்டும். ‘அட, எல்லோரும் 30 நாளில் தீர்த்துவிட்டார்களே, பயன்பாடு கூடிவிட்டது’ என்று தோன்றும். அதனால் சராசரி வேண்டாம். மொத்தம் 950 பேரையும் வைத்து, அதில் பாதிப்பேர் திரும்பி வந்த நாள் எது என்று பாருங்கள். வராதவர்களும் அந்த 950-க்குள் இருப்பதால் எண் ஏமாற்றாது. பாதிப்பேர் இன்னும் வரவில்லை என்றால் உங்களிடம் விடை இன்னும் இல்லை, காத்திருங்கள்.

நம் உதாரணத்தில் அந்த நாள் 51. பழைய வேகத்தில் 51 நாளில் 950 பேரும் 3,461 லிட்டர் வாங்கியிருப்பார்கள். தள்ளுபடியில் வாங்கியது 3,800. ஆக, பழையவர்களிடமிருந்து கிடைத்த உண்மையான கூடுதல் 339 லிட்டர். வீட்டில் எண்ணெய் நிறைய இருந்தால் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவோம் என்பது தெரிந்ததுதானே. இங்கே அதன் அளவு சுமார் பத்து சதவீதம். பொருளுக்குப் பொருள் இது மாறும். முறுக்கு, மிட்டாய் மாதிரி வீட்டில் இருந்தால் தின்றுவிடும் பொருளில் இந்தப் பங்கு பெரிதாக இருக்கும். துணி துவைக்கும் சோப்பில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. மிக்ஸிக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதை ஒருவர் மறுபடி வாங்குவதற்குள் பல வருடம் ஆகிவிடும். அங்கே மேலே சொன்ன வாராந்தரக் கூட்டல் மட்டும்தான் கைகொடுக்கும்.

‘புதியவர்’ எல்லோரும் புதியவரா?

விற்பனை வாரத்தில் 400 புதிய கணக்குகளில் இருந்து 1,200 லிட்டர் போனது. முதல் ஆர்டருக்குக் கூடுதல் கூப்பன் கொடுத்திருந்தால் இந்த எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். அப்பாவின் எண்ணில் ஒரு கணக்கு, மகளின் எண்ணில் இன்னொன்று என்று ஒரே வீட்டுக்கு இரண்டு இருக்கும். பின்கோடு, கதவு எண், தெருப்பெயரை வைத்துப் பொருத்திப் பார்த்தால் நம் 400-ல் 120 வீடுகள் பழையவை. அவற்றின் 360 லிட்டரும் பழையவர்களின் முன்கூட்டிய கொள்முதலே. வேறு சிலர் எப்படியும் அக்டோபரில் முதல்முறை வாங்க வந்திருப்பார்கள். விற்பனைக்குப் பிந்தைய வாரங்களில் புதியவர் வரவு வழக்கத்தைவிட எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் அந்த எண்ணிக்கை தெரிந்துவிடும்.

எஞ்சிய 280 வீடுகள் முழு விலையில் திரும்பி வருகின்றனவா? இங்கே ஒப்பிடுவதில் கவனம் வேண்டும். மே மாதத்தில் வந்த புதியவர் ஒரு லிட்டர் வாங்கினார். தள்ளுபடியில் வந்தவர் மூன்று லிட்டர். இருவரையும் ‘60 நாளில் திரும்பினாரா’ என்று ஒரே கேள்வி கேட்டால், மூன்று லிட்டர்காரர் தோற்றுப்போவார். எண்ணெய் தீரும் நாளிலிருந்து கடிகாரத்தை ஓட்டுங்கள். ஒரு லிட்டர்காரருக்கு 14-ம் நாள், மூன்று லிட்டர்காரருக்கு 42-ம் நாள். அதிலிருந்து இருவருக்கும் 42 நாள் அவகாசம். அப்படிப் பார்த்ததில் மே மாதத்தவரில் 40 சதவீதம் திரும்பினார்கள், தள்ளுபடிக்காரரில் 20 சதவீதம், அதாவது 56 வீடுகள். வாரத்துக்கு அரை லிட்டர் வீதம் 28 லிட்டர். பதினொன்று, பன்னிரண்டாம் வாரங்களில் தெரிந்த 60 லிட்டர் கூடுதலில் ஏறக்குறைய பாதிக்கு இவர்கள் பொறுப்பு. மீதிப் பாதிக்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்றால், பொங்கல் கழியும்வரை அதை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கமாட்டேன். சுங்க வரியால் மாறி வந்தவர்களாகவும் இருக்கலாம்.

சந்தைத் தளங்களில் விற்பவர்களுக்கு வாடிக்கையாளரின் உண்மையான எண்ணோ மின்னஞ்சலோ பெரும்பாலும் கைக்கு வராது. அவர்களால் இந்தப் பகுதியைச் செய்ய முடியாது. வாராந்தரக் கூட்டலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு இடத்திலும் விற்பவர் இரண்டு இடத்து லிட்டரையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம் வருமானமாகத் தெரியும்.

பள்ளம் மூடவே இல்லையென்றால்

பன்னிரண்டு வாரம் கழித்தும் விற்பனை இயல்புக்குக் கீழேயே கிடந்தால் அலமாரி எண்ணெயை மட்டும் குறைசொல்லாதீர்கள். அது பெரும்பாலும் இந்நேரம் தீர்ந்திருக்கும். தள்ளுபடி விலையைப் பார்த்தவர்களுக்கு முழு விலை அநியாயமாகத் தோன்றத் தொடங்கியிருக்கலாம், அல்லது அடுத்த விற்பனைக்காகக் காத்திருக்கலாம். பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு: தள்ளுபடியில் வாங்காத பழைய வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டில் கூடுதல் எண்ணெய் இல்லை. அவர்களின் விற்பனை நேராக இருந்தால் பள்ளம் அலமாரியால் வந்தது, தானே மூடும். அவர்களும் குறைந்திருந்தால் பிரச்சினை விலையிலோ போட்டியிலோ இருக்கிறது.

இத்தனை கணக்குக்கும் அடியில் இருப்பது ‘தள்ளுபடி இல்லாவிட்டால்’ என்ற ஊகம்தான். அதை ஊகமாக விடாமல் இருக்க ஒப்பீட்டுக் கூட்டம் ஒன்று வேண்டும். அமெரிக்காவில் 2009 கோடையில் பழைய காரைக் கொடுத்தால் புதிய காருக்கு அரசே பணம் கொடுத்தது. அதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரு பொருளியலாளர்கள், அத்தகைய பழைய கார்கள் நிறைய இருந்த நகரங்களையும் குறைவாக இருந்த நகரங்களையும் ஒப்பிட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் கூடுதலாக விற்றிருந்தன. 2010 மார்ச்சுக்குள் அந்தக் கூடுதல் ஏறக்குறைய முழுவதும் பின்வந்த சரிவில் கரைந்துவிட்டது என்று கண்டார்கள். இரண்டு மாதத்தோடு நிறுத்தியிருந்தால் அது மாபெரும் வெற்றியாகத் தெரிந்திருக்கும்.

உங்களுக்கு நகரங்கள் தேவையில்லை. இணையப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே விலை காட்டாமல் தள்ளுபடியைக் கூப்பனாகக் கொடுத்தால், பழைய வாடிக்கையாளரில் பத்தில் ஒருவருக்குக் கூப்பன் அனுப்பாமல் விடலாம். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாடிக்கையாளர் எண்ணின் கடைசி இலக்கம் 7 என்றால் இல்லை, அவ்வளவுதான். நண்பர் அனுப்பிய கூப்பனை அவர்களில் சிலர் பயன்படுத்துவார்கள். பயன்படுத்தியவரையும் அந்தக் கூட்டத்திலேயே வைத்து எண்ணுங்கள், நீக்கினால் ஒப்பீடு கோணலாகும். பன்னிரண்டு வாரம் கழித்து இரு கூட்டத்திலும் தலைக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்தால் போதும். போன வருடத்துத் தரவு, தீபாவளித் தேதி, வளர்ச்சி விகிதம் எதுவும் அந்தக் கணக்குக்கு வேண்டாம்.

ஜனவரிக்கு எள் வாங்க உட்காரும்போது நம் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டிய எண் வாரத்துக்கு 1,030-லிருந்து 1,060 லிட்டர். பன்னிரண்டு வாரங்களின் எளிய சராசரியை எடுத்தால் சுமார் 850 வரும், செக்கு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்கும். தள்ளுபடி வாரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 1,160-ஐத் தாண்டும், மூட்டைகள் கிடங்கில் தேங்கும். பொங்கலுக்குத் தள்ளுபடி கொடுப்பதாக இருந்தால், கூப்பன் அனுப்பாத அந்தப் பத்தில் ஒரு பங்கு யார் என்ற பட்டியலை டிசம்பர் கடைசிக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும்.